உயரம், எடை, மார்பளவு, மச்சம்: ஒரு விண்ணப்ப வரி பிறந்த கதை

கி.பி. 103, பிப்ரவரி 24. எகிப்தில் முகாமிட்டிருந்த ரோமானியப் படைப்பிரிவு ஒன்றுக்கு ஒரு கடிதம் வந்து சேர்கிறது. அனுப்பியவர் எகிப்தின் ஆளுநர் மினிசியஸ் இட்டாலஸ். நான் சோதித்துத் தேர்ந்த ஆறு பேரை அனுப்புகிறேன், உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். கீழே ஆறு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது, அதன் பக்கத்தில் அடையாளம். ஒருவருக்கு இடது புருவத்தில் தழும்பு. இன்னொருவருக்கு இடது கையில். மற்றொருவருக்கு நெற்றியின் வலப்புறம். மீதி மூவருக்கும் ‘அடையாளம் இல்லை’. கடிதத்தின் அடியில் படைப்பிரிவின் எழுத்தர் கையெழுத்து: மூலப்படி எங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது என்று சான்று சொல்கிறார்.

ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேட்டைத் தோண்டியபோது கிடைத்த பாப்பிரஸ் ஏடு இது. சீருடைப் பணிக்கு விண்ணப்பம் நிரப்பிய எவரும் இதைப் பார்த்தால் பழகிய காகிதம் போலத்தான் இருக்கும். ஒரு வித்தியாசம்: அந்தக் காலத்தில் ‘இல்லை’ என்று எழுதி விட்டுவிட முடிந்தது. நம் படிவங்கள் பெரும்பாலும் இரண்டு மச்சம் கேட்கும். இல்லாதவர் தேடித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த ஏட்டில் உயரம் இல்லை, எடை இல்லை, மார்பளவு இல்லை. இன்றைக்கு ஒரே வரியில் தோளோடு தோள் நிற்கும் இந்த நான்கு கட்டங்களும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பயம் தாய். அவற்றுள் மூத்தது அடையாளக் கட்டம்.

அடையாளம் கேட்டதற்கு ஆளின் வீரத்தோடு சம்பந்தமே இல்லை. சம்பளக் கணக்கோடுதான் சம்பந்தம். ஒரு தளபதிக்கு நூறு வீரருக்கான பணம் அரசு தருகிறது. அவர் அறுபது பேரை வைத்துக்கொண்டு மீதிப் பணத்தைப் பையில் போட்டுக்கொள்கிறார். மேலதிகாரி எண்ணிப் பார்க்க வரும் நாளில் சந்தையிலும் தெருவிலும் கிடைத்த ஆட்களுக்கு உடுப்பு மாட்டி நிறுத்திவிடுகிறார். அக்பர் காலத்து முகலாயப் படையிலும் இதே கதை, பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சிலும் இதே கதை. பிரான்சில் இப்படி நிறுத்தப்படும் போலி வீரனுக்கென்றே ஒரு தனிப் பெயர் இருந்தது என்றால் வழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அலாவுதீன் கில்ஜி ஏற்கெனவே கையாண்ட வழியை அக்பர் 1570களில் மீண்டும் கொண்டுவந்தார். குதிரைக்குச் சூடு, வீரனுக்கு ‘செஹ்ரா’. செஹ்ரா என்றால் முகம். வீரனின் தகப்பன் பெயர், ஊர் எழுதி, அதன்பிறகு நிறம், நெற்றி, புருவம், கண், மூக்கு, தாடி மீசை, வெட்டுக்காயத் தழும்பு என்று மேலிருந்து கீழாக ஒரு வர்ணனை. குதிரைக்குச் சூடு போட்டால் மாற்ற முடியாது. மனிதனுக்கு இருக்கிற தழும்பையே சூடாக எடுத்துக்கொண்டார்கள். பிரான்சில் 1716இல் வந்த ஆணை, ஒவ்வொரு வீரனின் விவரத்தையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. நோக்கம் இரண்டு. ஒன்று, போலி ஆள் வந்து நிற்கக் கூடாது. மற்றது, ஓடிப்போனவனைப் பிடிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது காரணம் இங்கிலாந்தில் பெரிய தலைவலி. படையில் சேருபவனுக்கு முன்பணம் உண்டு. அதை வாங்கிக்கொண்டு இரவோடு இரவாக ஓடி, அடுத்த ஊரில் வேறு பெயரில் சேர்ந்து மறுபடியும் முன்பணம் வாங்குவதை ஒரு பிழைப்பாகவே சிலர் நடத்தினார்கள். ஓடிப்போனவர்களின் வயது, உயரம், நிறம், தழும்பு எல்லாம் போலீஸ் அறிவிப்பு ஏடுகளில் அச்சாகும். பிடிபட்டவன் உடம்பில் ஓர் எழுத்தைப் பச்சையாகக் குத்துவார்கள். 1871இல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் படையின் சேர்க்கைப் படிவத்தில் அடையாளத் தழும்புகளுக்கான இடத்தை ஒட்டி மருத்துவருக்கு ஒரு குறிப்பு இருந்தது: இந்த ஆள் முன்பே படையில் இருந்தவன் என்று தோன்றினால், அவன் அதை ஒப்புக்கொள்ளாதபோது, தனிச் சீட்டு எழுதி மேலதிகாரிக்கு அனுப்பவும். மச்சத்துக்கான கட்டம் யாரைத் தேடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

உயரமும் முதலில் அடையாளமாகத்தான் எழுதப்பட்டது. ஓடிப்போனவன் பெயரை மாற்றலாம், உயரத்தை மாற்ற முடியாது. ஆனால் அதற்கு வேறொரு வேலையும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் துப்பாக்கியை வாய்ப்பக்கமாகத்தான் மருந்திட்டுக் கெட்டிக்க வேண்டும். ஆங்கிலேயரின் நீளமான மாதிரி ஒன்றில் குழல் மட்டும் 46 அங்குலம். துப்பாக்கியைத் தரையில் நிறுத்திக் குச்சியை உள்ளே விட்டு இடிக்க, ஆள் நெடியவனாக இருந்தால் வேகம். பிரஷ்யாவின் அரசர் முதலாம் பிரெடரிக் வில்லியம் இந்த நியாயத்தைப் பைத்தியம் வரை கொண்டுபோனார். ஏறத்தாழ 188 செ.மீ.க்குக் குறையாத நெட்டையர்களை ஐரோப்பா முழுவதும் தேடி வாங்கினார், சிலரைக் கடத்தியும் வந்தார்.

பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி வந்ததும் அந்த நியாயம் செத்தது. உயரக் கட்டம் சாகவில்லை. அதற்குக் காரணம், அது ஒரு குழாய்த் திருகாகப் பயன்பட்டதுதான். 1914 ஆகஸ்டில் பிரிட்டனில் போர் அறிவித்தபோது படையில் சேரக் குறைந்தபட்ச உயரம் 5 அடி 3 அங்குலம். ஆட்கள் வெள்ளமாக வந்தார்கள். தங்க இடமில்லை, உடுப்பு இல்லை. செப்டம்பர் 11 அன்று உயரத்தை 5 அடி 6 அங்குலமாக ஏற்றினார்கள். கூட்டம் வடிந்தது. நவம்பரில் மறுபடி 5 அடி 3க்கு இறக்கினார்கள். இரண்டே மாதத்தில் மனித உடம்பு எதுவும் மாறிவிடவில்லை. தேவைதான் மாறியது.

இதே ஆண்டில் பர்கன்ஹெட் நகரில் இன்னொன்று நடந்தது. உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சுரங்கத் தொழிலாளிகளும் துறைமுகக் கூலிகளும் கொதித்துப்போயிருந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்பிரட் பிக்லண்ட் அனுமதி வாங்கினார். 5 அடிக்கும் 5 அடி 3 அங்குலத்துக்கும் இடைப்பட்டவர்கள் சேரலாம். ஆனால் மார்பு வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக, 34 அங்குலம் இருக்க வேண்டும். உயரத்தில் குறைந்ததை அகலத்தில் ஈடுகட்டும் கணக்கு. குள்ளச் சேவல் இனத்தின் பெயரால் அந்தப் படைகளை அழைத்தார்கள்.

ஆக, மார்புக்கு வருகிறோம். இந்த நான்கில் எனக்குச் சுவையாகப் படுவது இதுதான். ஏனென்றால் இது தையல்காரரிடம் தொடங்கி மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த அளவு.

1817இல் எடின்பரோவின் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பட்டியல் வந்தது. ஸ்காட்லாந்து உள்ளூர்ப்படை வீரர்களின் உயரமும் மார்புச் சுற்றளவும் மாவட்ட வாரியாக. அளவுகளைத் தந்தவர் படைக்குப் பொருள் சப்ளை செய்த ஒப்பந்தக்காரர். ஆயிரக்கணக்கான பேருக்கு உடுப்பு என்றால் எந்த அளவில் எத்தனை என்பதுதானே முதல் கேள்வி. அந்தப் பட்டியல் பெல்ஜிய நாட்டுப் புள்ளியியலாளர் குவெட்லெட் கையில் சிக்கியது. 1846இல் அவர் 5,738 மார்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் குவிந்து இருபுறமும் சரியும் மணி வடிவம் கிடைத்தது. சராசரி 40 அங்குலத்தை ஒட்டி வந்தது. புள்ளியியல் பாடத்தில் இன்றும் வரும் அந்த வளைகோட்டின் பழைய உதாரணங்களில் ஒன்று, சட்டை தைக்க எடுத்த அளவு.

அதே 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். காசநோய் ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம். நுரையீரல் கெட்டிருப்பதை முன்கூட்டியே அறிய ஒரு கருவி செய்தார். நீரில் மிதக்கும் ஒரு கலத்துக்குள் மூச்சை முழுதாக ஊத வேண்டும். கலம் எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு கொள்ளளவு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொன்னார். மாலுமிகள், படைவீரர்கள், மல்யுத்தக்காரர்கள், லண்டன் போலீஸ்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. அவர் கண்டது: மூச்சுக் கொள்ளளவு உயரத்தோடு சேர்ந்து ஏறுகிறது, மார்பின் சுற்றளவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

படை இந்த இரண்டாவது பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருவி பெரியது, விலை அதிகம், ஒவ்வொருவரையும் ஊதவைக்க நேரம் ஆகும். நாடா ஒரு பைக்குள் அடங்கும். சுற்றளவு மட்டும் போதாது என்பதால் மூச்சை இழுத்தால் எவ்வளவு விரிகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். விலா எலும்புகள் அசையாமல் இறுகிக் கிடந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்ற அளவில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. முழுதாக விரிந்த சுற்றளவு, விரிவின் அளவு என்ற இரண்டு எண்களும் பிரிட்டிஷ் சேர்க்கைப் படிவத்தில் நிலைத்தன. அங்கிருந்து நமக்கு வந்தன.

எடைக்கு நீண்ட கதை இல்லை. எடை நாளுக்கு நாள் மாறும், ஆகவே அடையாளத்துக்கு ஆகாது. தனியாக நின்றால் பொருளும் இல்லை. உயரத்தோடு சேர்த்தால்தான் பேசும். 1901 வாக்கில் பினே என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் மூன்று அளவுகளையும் ஒரே கணக்கில் கோத்தார். செ.மீ.யில் உயரம்; அதிலிருந்து மார்பளவையும் கிலோவில் எடையையும் கூட்டிக் கழிக்க வேண்டும். 170 செ.மீ. உயரம், 85 செ.மீ. மார்பு, 65 கிலோ என்றால் மிச்சம் 20. ஆள் நல்ல கட்டுடம்பு. அதே உயரத்தில் 78 செ.மீ., 52 கிலோ என்றால் மிச்சம் 40. பினே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீளத்திலிருந்து எடையைக் கழிப்பது கணித ஆசிரியருக்குக் கோபம் வரவழைக்கும் காரியம்தான். ஆனாலும் பல நாட்டுப் படைகள் அதை வெகுகாலம் பயன்படுத்தின.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கட்டங்கள் வந்தது படை வழியாக மட்டும் அல்ல. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பதிவுகளிலும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உயரமும் உடல் தழும்பும் எழுதப்பட்டன. முழங்காலில் காயத்தழும்பு, நெற்றியில் வடு என்று. தோட்டத்திலிருந்து ஓடினால் பிடிக்க அதுவும் உதவும். இன்று தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் கொள்ளுத்தாத்தாவைத் தேடுபவர்களுக்கு அந்த வடுதான் பல நேரம் கிடைக்கிற ஒரே உருவப்படம்.

இப்போது நம் படிவத்துக்கு வருவோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ. உயரம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு சாதாரண நிலையில் 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். இந்த எண்கள் ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்று யோசித்தால், அங்குலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 5 அடி 7 அங்குலம் என்பது 170.18 செ.மீ. 32 அங்குலம் என்பது 81.28. 2 அங்குலம் 5.08. பழைய அங்குல அளவு செ.மீ. சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது என்பது என் கணிப்பு.

இந்த மாற்றத்தில்தான் பையன்கள் வழுக்குகிறார்கள். 170 செ.மீ. தேவைப்படும் ஒருவர் 5 அடி 6 அங்குலம். அதை 5.6 என்று எழுதிக்கொண்டு, ஓர் அடிக்கு 30.48 என்று பெருக்குகிறார். 170.69 வருகிறது. ‘ஹைட் இருக்கு’ என்று ஆறு மாதம் ஓடிப் பயிற்சி எடுக்கிறார். உண்மையில் ஐந்து அடிக்கு 152.4, ஆறு அங்குலத்துக்கு 15.24, கூட்டினால் 167.64. மைதானத்தில் அளவுகோலின் குறுக்குச் சட்டம் தலையைத் தொட்டதும் கதை முடிந்தது. 5.6 அடி வேறு, 5 அடி 6 அங்குலம் வேறு. செ.மீ. அளவை செ.மீ. கோலில் எடுப்பதே நல்லது, அதுவும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முதுகெலும்பின் இடைத் தட்டுகள் பகல் முழுக்க உடல் பாரம் தாங்கி அமுங்குவதால் மாலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறையும். 170ஐ ஒட்டி நிற்பவர் மாலை அளவை நம்பினால் ஏமாற மாட்டார்.

அளக்கும் முறையும் விதியில் விரிவாகவே உண்டு. மத்திய அரசுப் பணிகளின் மருத்துவ விதிகளைப் பாருங்கள். செருப்பில்லாமல், பாதங்களைச் சேர்த்து, பாரம் குதிகாலில் இருக்கும்படி நிற்க வேண்டும். குதிகால், கெண்டைக்கால், பின்புறம், தோள் நான்கும் கோலைத் தொட வேண்டும். உச்சி சட்டத்துக்கு நேராக வரும்படி முகவாயைத் தாழ்த்த வேண்டும். மார்புக்கு முதலில் கைகளை மேலே தூக்கச் சொல்வார்கள். நாடாவின் மேல் விளிம்பு முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைத் தொட்டு, அதே மட்டத்தில் முன்னால் சுற்றி வர வேண்டும். பிறகு கைகளைத் தொங்கவிட வேண்டும். தோளை ஏற்றினாலோ பின்னால் தள்ளினாலோ நாடா நகரும், அளவு செல்லாது. பலமுறை ஆழ மூச்சிழுக்கச் சொல்லி, சிறியதையும் பெரியதையும் 84–89 என்பதுபோல் எழுதுவார்கள்.

மூவர் வரிசையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 81–86. தேறினார். இரண்டாமவர் 79–86. விரிவு 7, பிரமாதம்; ஆனால் சாதாரண நிலையில் 81 இல்லை, போனார். மூன்றாமவர் ஜிம் உடம்பு, 96–100. பார்க்க மலை மாதிரி இருக்கிறார், விரிவு 4தான். அவரும் போனார். பெரும்பாலும் இவர் செய்யும் தவறு ஒன்றுதான்: நாடாவைக் கண்டதும் பெருமையில் நெஞ்சை விறைத்துவிடுகிறார். முதல் அளவே பாதி விரிந்த நிலையில் பதிவாகிவிடுகிறது. அதற்கு மேல் ஏற இடமில்லை. முதல் அளவுக்கு மூச்சை விட்டுத் தளர்ந்து நிற்க வேண்டும் என்று பயிற்சி மையங்களில் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

அடையாளக் கட்டத்தில் யாரும் தோற்பதில்லை என்று நினைப்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதுவது வழக்கம், அதுதான் பாதுகாப்பும்கூட, சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டுமே. ஆனால் அந்தச் சான்றிதழில் எழுதியவர் பெரும்பாலும் எதிரே நின்ற ஆசிரியர். அவருக்கு வலப்பக்கம் தெரிந்தது பிள்ளைக்கு இடது. ‘வலது கன்னத்தில் மச்சம்’ என்று தாளில் இருக்கும், மச்சம் இடது கன்னத்தில் இருக்கும். இன்னும் சிலருக்கு அன்று மச்சமாகத் தெரிந்தது கொசுக்கடி. அது போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1880களில் பாரிஸ் போலீஸில் பெர்ட்டிலான் தீர்மானித்துவிட்டார். உடம்பின் அளவுகளைக் கொண்டு பழைய குற்றவாளிகளைக் கண்டுபிடித்தவர் அவர். தழும்பு என்றால் என்ன வகை, என்ன நீளம், எந்தச் சாய்வு, மாறாத ஓர் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவைத்தார். ‘கையில் ஒரு மச்சம்’ ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். ‘வலது முன்கையின் உட்புறம், மணிக்கட்டுக்கு 3 செ.மீ. மேலே கரிய மச்சம்’ என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும். சட்டை கழற்றாமல் தெரியும் இடமாகவும் இருந்தால் சரிபார்ப்பவருக்கும் சிரமமில்லை.

பெர்ட்டிலான் முறையை 1897இல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைப் பிரிவு பின்னுக்குத் தள்ளியது. மச்சத்தின் பழைய வேலை அன்றோடு போய்விட்டது. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்தவரின் பணிப் பதிவேட்டில் இன்றும் உயரம், அங்க அடையாளம், விரல் ரேகை மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. புதியது வந்ததும் பழையதை எடுத்துவிடும் பழக்கம் அலுவலகங்களுக்குக் கிடையாது.

எடுக்கவேண்டுமா என்ற கேள்வி எழுந்தது மார்பளவுக் கட்டத்தில்தான். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் பெண்களுக்கு மார்பளவு கிடையாது. ராஜஸ்தானில் வனக்காவலர் தேர்வில் இருந்தது. ஓட்டம் உள்ளிட்ட உடல்திறன் தேர்வில் தேறிய மூன்று பெண்கள் மார்பளவில் விலக்கப்பட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. தேர்வு நடந்து முடிந்துவிட்டது. ஆனால் மார்பளவை நுரையீரலின் சான்றாகக் கொள்வதற்கு அறிவியல் அடிப்படை இல்லை, அது பெண்ணின் கண்ணியத்துக்கும் இழுக்கு என்று நீதிமன்றம் கடிந்துகொண்டது. நுரையீரலின் திறனை அறிய வேறு வழி உண்டா என்று நிபுணர்களைக் கேட்டுப் பார்க்கும்படி அதிகாரிகளுக்குச் சொன்னது. ஊதி அளக்கும் ஹட்சின்சனின் கருவிக்கு அப்போது வயது 177. அதன் பேரப்பிள்ளைகள் இன்று எல்லா நெஞ்சுநோய் மருத்துவமனைகளிலும் மேசைமேல் இருக்கின்றன.